பாதிக் கணக்கா, முழுக் கணக்கா? முதல் விளம்பர வருமானத்தைப் பதிவதும் காட்டுவதும்

போன நவம்பரில் என் அக்கா மகள் ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் வந்து, அஸ்தம்பட்டியில் இருக்கும் என் வீட்டுக் கூடத்தில் ஒரு துணிப்பையைக் கவிழ்த்தாள். பெட்ரோல் ரசீதுகள், பஸ் டிக்கெட்டுகள், அந்த மாதம் வாங்கிய கேமராவின் பில், மடித்து மடித்துக் கிழிந்துபோன ஒப்பந்தத் தாள்கள் எல்லாம் தரையில் பரவின. காபித் தோட்டங்களையும் மலைப்பாதைகளையும் பற்றி மூன்று ஆண்டுகளாக வீடியோ போடுகிறாள். 2025 ஜூலையில்தான் முதன்முதலாக விளம்பரப் பணம் கைக்கு வந்தது.

"மாமா, இரண்டாவது வீடியோவுக்கும் 40,000தான் பேசினோம். 32,000 மட்டும் அனுப்பியிருக்கிறார்கள். 8,000 ரூபாயை ஏமாற்றிவிட்டார்கள்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

யாரும் ஏமாற்றவில்லை. அந்த 8,000 ரூபாய் டிடிஎஸ், அதாவது பணம் கொடுப்பவரே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி. தொழில்முறைச் சேவைக்கு ஒரு நிறுவனம் ஒருவருக்கு ஓராண்டில் கொடுப்பது 50,000 ரூபாயைத் தாண்டினால் வருமான வரிச் சட்டத்தின் 194ஜே பிரிவின்படி 10 சதவீதம் பிடிக்க வேண்டும். 2025 மார்ச் வரை அந்த வரம்பு 30,000 ஆக இருந்தது. ஜூலையில் முதல் வீடியோவுக்கு 40,000 கொடுத்தபோது வரம்பு தாண்டவில்லை, முழுப் பணமும் வந்தது. செப்டம்பரில் இரண்டாவது 40,000 சேர்ந்ததும் மொத்தம் 80,000 ஆனது. முதல் பணத்துக்கும் சேர்த்து 8,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பினார்கள். டிசம்பரில் மூன்றாவது வீடியோவுக்கு 4,000 பிடித்து 36,000 வந்தது.

சேலத்தில் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். வெள்ளிக் கடை, ஜவ்வரிசி மண்டி, விசைத்தறிக் கூடம் என்று பழகியவன். வீடியோ போடுபவரின் வருமானமும் தொழில் வருமானம்தான் என்றாலும், அதில் பாதி பணமாக வராது. பொருளாக வரும், தங்குமிடமாக வரும், வரி பிடித்த மிச்சமாக வரும். அதனால் எப்படிப் பதிவது, எப்படிக் காட்டுவது என்று தேர்வு செய்ய மற்றவர்களைவிட இவர்கள் கொஞ்சம் கூடுதலாக யோசிக்க வேண்டியிருக்கிறது. அவள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. வங்கிப் பாஸ்புக்கை மட்டும் வைத்துக்கொள்வது முதல் வழி. வரவை மட்டும் ஒழுங்காக எழுதி, அதில் பாதியை லாபமாகக் காட்டுவது இரண்டாவது. வரவு செலவு எல்லாவற்றையும் பில்லோடு எழுதி உண்மை லாபத்தைக் காட்டுவது மூன்றாவது. நான் இவற்றைப் பாஸ்புக் கணக்கு, பாதிக் கணக்கு, முழுக் கணக்கு என்று சொல்கிறேன்.

இங்கே வரும் விதிகளும் பிரிவு எண்களும் 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையிலான ஆண்டுக்கு உரியவை. அந்த ஆண்டுக்குப் பழைய 1961 சட்டமே பொருந்தும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து, பிரிவு எண்கள் மாறிவிட்டன. புதிய ஆண்டின் தாள்களில் 194ஜே என்ற எண்ணைத் தேடிக் குழம்ப வேண்டாம்.

பாஸ்புக் மட்டும் போதுமா

முதல் ஆண்டில் பெரும்பாலானோர் செய்வது இதுதான். "பணம் எல்லாம் வங்கி வழியாகத்தானே வருகிறது, தனியாக எதற்கு நோட்டு?" என்று அவளும் கேட்டாள். கேள்வி நியாயமானதாகத் தோன்றும். ஆண்டு முடிந்ததும் உட்கார்ந்து பார்த்தோம்.

2026 மார்ச் 31 வரை வங்கியில் வந்த விளம்பரப் பணம் 1,26,000 ரூபாய். தீபாவளிக்குச் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடை ஒன்று கொலுசு வீடியோவுக்குக் கொடுத்த 18,000, பெங்களூரு விளம்பர முகமை மூன்று வீடியோக்களுக்கு அனுப்பிய 1,08,000, அவ்வளவுதான். ஆனால் அந்த ஆண்டு அவள் உண்மையில் ஈட்டியது 2,39,000. பாஸ்புக்கில் தெரியாத 1,13,000 எங்கே போனது?

முகமை பிடித்த 12,000 ரூபாய் முதலாவது. கைக்கு வராவிட்டாலும் அது அவளுடைய வருமானம். 1,20,000க்கு வேலை செய்தாள், அதில் 12,000 அவள் பெயரில் அரசிடம் கட்டப்பட்டிருக்கிறது. 1,08,000 என்று வருமானத்தைக் காட்டிவிட்டு 12,000 வரியைத் திரும்பக் கேட்டால் கணக்கு ஒட்டாது. நான் பார்த்தவரை புதியவர்கள் செய்யும் தவறுகளில் இதுதான் முதலிடம்.

இரண்டாவது, சென்னை ஆடை நிறுவனம் ஒன்றுக்கு மார்ச் 24ஆம் தேதி அவள் கொடுத்த 60,000 ரூபாய் பில். பணம் 54,000 ஆக ஏப்ரல் 17ஆம் தேதிதான் வந்தது. ஆனால் நிறுவனம் பில்லை மார்ச் கணக்கிலேயே ஏற்றி, 6,000 வரியையும் மார்ச்சிலேயே பிடித்துவிட்டது. பில்லைக் கணக்கில் ஏற்றும் நாள், பணம் கொடுக்கும் நாள் இரண்டில் எது முந்துகிறதோ அன்று பிடிக்க வேண்டும் என்பது விதி. ஆகவே அரசின் பதிவில் இது பழைய ஆண்டு, பாஸ்புக்கில் புதிய ஆண்டு. பணம் வந்த நாளை வைத்துக் கணக்குக் காட்டவும் சட்டத்தில் இடமுண்டு. அப்படிச் செய்தால் வரிப்பிடித்தத்தையும் அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும், அதை ஆண்டுதோறும் ஒரே முறையில் செய்துவர வேண்டும். புதியவர்களுக்கு நான் சொல்வது பில் தேதியைப் பின்பற்றும்படிதான். மார்ச் பில்லை மார்ச்சிலேயே காட்டினால் அரசின் பதிவோடு தானாக ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவது, அவள் அம்மாவின் சமையலறையில் இருக்கும் காபி இயந்திரம். விலை 32,000. வீடியோ எடுத்து முடித்ததும் "நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றது நிறுவனம். தொழிலின் மூலம் கிடைக்கும் பொருளும் வருமானமே. ஒரு நிறுவனம் ஓராண்டில் ஒருவருக்கு இப்படிக் கொடுப்பது 20,000 ரூபாயைத் தாண்டினால் 194ஆர் பிரிவின்படி 10 சதவீத வரிக்கு வழி செய்துவிட்டுத்தான் பொருளைக் கொடுக்க வேண்டும். பொருளிலிருந்து எதைப் பிடிப்பது? அதனால் 3,200 ரூபாயை அவள் பெயரில் முன்கூட்டிய வரியாகக் கட்டி, செலான் நகல் அனுப்பச் சொன்னார்கள். முதலில் இதை மோசடி என்றே அவள் நினைத்தாள். பணத்தை நிறுவனத்தின் கணக்குக்கு அனுப்பாமல், வருமான வரி இணையதளத்தில் அவளுடைய பான் எண்ணிலேயே கட்டியதால் அது அவள் பெயரில் இருக்கிறது. இயந்திரத்தைத் திருப்பி அனுப்பியிருந்தால் வருமானமும் இல்லை, இந்த வரியும் இல்லை. வீடியோவுக்காகப் பொருளை வாங்கித் திருப்பி அனுப்புகிறவர்கள் கூரியர் ரசீதை எடுத்து வைக்க வேண்டும் என்பது இதனால்தான்.

நான்காவது, ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதி அவள் குடும்பத்துக்கு இரண்டு இரவு இலவசமாகக் கொடுத்த அறை. வாடகைக் கணக்கில் 9,000. 20,000க்குக் கீழே என்பதால் யாரும் வரி பிடிக்கவில்லை. பிடிக்காததால் அது வருமானம் இல்லை என்று ஆகிவிடாது. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். 20,000 என்பது கொடுப்பவர் வரி பிடிப்பதற்கான வரம்பு, பெறுபவருக்கான விலக்கு அல்ல.

12,000, 60,000, 32,000, 9,000 என்று கூட்டிப் பாருங்கள், அந்த 1,13,000 வந்துவிடும். பாஸ்புக் பொய் சொல்லவில்லை, அதற்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறது. ஆனால் முகமையின் 1,20,000, ஆடை நிறுவனத்தின் 60,000, இயந்திரத்தின் 32,000 என 2,12,000 ரூபாய் அரசின் பதிவில் அவள் பெயரில் ஏறும். 1,26,000 என்று காட்டினால் கேள்வி வரும். முதல் வழியை இதோடு ஒதுக்கிவிட்டோம்.

பாதிக் கணக்கும் முழுக் கணக்கும்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

பாதிக் கணக்கு என்பது 44ஏடிஏ பிரிவு. சில தொழில்முறைகளில் இருப்பவர்கள், ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால், வரவில் பாதியை லாபம் என்று காட்டிவிடலாம். ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் என்றால் வரம்பு 75 லட்சம். செலவுக்கு பில் காட்ட வேண்டியதில்லை, கணக்குப் புத்தகமும் கட்டாயமில்லை. சமூக ஊடகச் செல்வாக்காளர்களுக்கு 2025-26 மதிப்பீட்டு ஆண்டின், அதாவது அதற்கு முந்தைய ஆண்டு வருமானத்துக்கான, படிவங்களிலிருந்து 16021 என்ற தனித் தொழில் குறியீடே வந்துவிட்டது. பாதிக் கணக்குக் காட்டுபவர் அந்தக் குறியீட்டை ஐடிஆர்-4 என்ற ரிட்டர்ன் படிவத்தில் தேர்வு செய்யலாம். முழுக் கணக்கு என்றால் ஐடிஆர்-3. அது நீளமான படிவம், லாப நட்டக் கணக்கும் இருப்புநிலைக் குறிப்பும் கேட்கும்.

முழுக் கணக்குத்தான் தனக்கு லாபம் என்று அவள் உறுதியாக நம்பினாள். "வந்ததில் பெரும்பகுதி செலவாகிவிட்டது மாமா. எனக்கு ஏது பாதி லாபம்?" என்றாள். துணிப்பையில் இருந்ததையும் அதற்குப் பிறகு சேர்ந்ததையும் கூட்டினோம். வீடியோ தொகுத்துக் கொடுக்கும் பையனுக்கு 24,000, பயணத்துக்கு 14,200, இணையத்திலும் கைப்பேசியிலும் தொழிலுக்கான பங்கு 6,000, படப்பிடிப்புக்கு வாங்கிய சில்லறைப் பொருள்கள் 5,300. கேமராவும் மைக்கும் சேர்த்து 1,00,000. மொத்தம் 1,49,500. வரவு 2,39,000. அவள் சொன்னது சரி போலத்தான் இருந்தது. பாதியைவிட அதிகம் செலவாகியிருக்கிறது.

ஆனால் கேமராவை வாங்கிய ஆண்டிலேயே முழுச் செலவாகக் கழிக்க முடியாது. அது பல ஆண்டுகள் உழைக்கும் பொருள். அதன் தேய்மானத்தை மட்டுமே ஆண்டுதோறும் கழிக்கலாம். கேமரா போன்ற கருவிகளுக்கு ஆண்டுக்கு 15 சதவீதம், கணினிக்கு 40 சதவீதம். வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அதிலும் பாதிதான். அவள் வாங்கியது நவம்பர் 10ஆம் தேதி, மார்ச் இறுதி வரை 142 நாள். ஆகவே 1,00,000 ரூபாயில் ஏழரை சதவீதம், 7,500 ரூபாய்தான் இந்த ஆண்டுச் செலவு. மற்ற 49,500ஐச் சேர்த்தால் 57,000.

முழுக் கணக்கில் அவளுடைய லாபம் 1,82,000. பாதிக் கணக்கில் 1,19,500. அவள் எதிர்பார்த்ததற்கு நேர் எதிர். கேமரா வாங்கிய பணம் கையைவிட்டுப் போனது உண்மை. ஆனால் கையைவிட்டுப் போன பணமும் கணக்கில் கழிகிற செலவும் வேறு வேறு. கருவி வாங்கித் தொடங்கும் முதல் ஆண்டில் இந்த இடைவெளி மிகப் பெரிதாக இருக்கும். பாதிக் கணக்கு இவர்களுக்குப் பொருந்துவதற்கு முக்கியக் காரணம் இது. பில் சேர்க்கச் சோம்பல் என்பதற்காக யாரும் இதைத் தேர்வு செய்ய வேண்டியதில்லை, எண்களே அதைச் சொல்கின்றன.

சரி, வரி எவ்வளவு குறைந்தது? ஒன்றுமே குறையவில்லை. இரண்டிலும் வரி பூஜ்யம்தான். புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை, வரித் தள்ளுபடி விதியால் 12 லட்சம் வரையிலான சாதாரண வருமானத்துக்கும் வரி கட்ட வேண்டியதில்லை. அவளுக்கு வேறு வருமானம் கிடையாது.

அப்படியானால் எதற்காக இவ்வளவு கணக்கு? 21,200 ரூபாய்க்காக. முகமை பிடித்த 12,000, ஆடை நிறுவனம் பிடித்த 6,000, அவளே கட்டிய 3,200. வரி பூஜ்யம் என்பதால் இது முழுவதும் அவளுக்குத் திரும்ப வர வேண்டிய பணம். ஆனால் தானாக வராது. ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் வரும். 4 லட்சத்துக்குக் கீழே வருமானம், டிடிஎஸ் 25,000க்குக் கீழே, ஆகவே தாக்கல் செய்ய வேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை. கட்டாயம் இல்லை என்று யாரோ சொன்னதைக் கேட்டு விட்டுவிட்டால் 21,200 ரூபாய் அரசிடமே இருந்துவிடும். ஏற்காட்டில் ஒரு குடும்பத்துக்கு அது சிறிய தொகை இல்லை.

முழுக் கணக்கு எப்போது வெல்லும்

இரண்டு நிலைமைகள் ஒன்றாகச் சேர வேண்டும். கருவி தவிர்த்த உண்மைச் செலவே வரவில் பாதியைத் தாண்ட வேண்டும். கூடவே வேறு வருமானமும் இருந்து, இந்த லாபம் அதன்மேல் ஏறி வரியை உண்டாக்க வேண்டும்.

என்னிடம் வரும் இன்னொருவரின் நிலை அப்படித்தான். மென்பொருள் வேலை, கழிவுகள் போகச் சம்பளம் 11,20,000. வார இறுதியில் வீடியோ. வரவு 2,40,000. உதவியாளர்களுக்கும் படப்பிடிப்பு அறை வாடகைக்கும் 1,65,000 கொடுத்துவிடுகிறார். பாதிக் கணக்கில் 1,20,000 சேர்ந்து மொத்தம் 12,40,000 ஆகிறது. 12 லட்சம் வரைக்கான வரித் தள்ளுபடி கைவிட்டுப் போவதால், அதைத் தாண்டிய 40,000 ரூபாய் முழுவதுமே வரியாகப் போகும், 4 சதவீத கூடுதல் வரியோடு 41,600. முழுக் கணக்கில் லாபம் 75,000, மொத்தம் 11,95,000, வரி இல்லை.

இங்கேயே முடிவு செய்துவிடக் கூடாது. 44ஏடிஏவுக்குள் வரும் தொழில்முறையில் இருப்பவர் பாதிக்கும் குறைவாக லாபம் காட்டி, மொத்த வருமானமும் 4 லட்சத்தைத் தாண்டினால், கணக்குப் புத்தகம் வைத்துத் தணிக்கையும் செய்ய வேண்டும். ஆக அவர் 41,600 ரூபாயைத் தணிக்கைக் கட்டணத்தோடும் ஆண்டு முழுவதும் பில் சேர்க்கும் உழைப்போடும் வைத்துப் பார்க்க வேண்டும். இந்த இடத்தில் பட்டயக் கணக்காளர் ஒருவரிடம் கட்டணம் கொடுத்துக் கேட்பதே சரி. என் அக்கா மகளுக்கு அந்தச் செலவு இப்போது தேவையில்லை.

நான்காவதாக ஒரு வழியைச் சிலர் காதில் போடுவார்கள். "44ஏடி போடு, 6 சதவீதம் காட்டினால் போதும்." அது வியாபாரிகளுக்கான பிரிவு. குறிப்பிட்ட தொழில்முறைகளுக்கும் தரகுப் பணம் ஈட்டுபவர்களுக்கும் கிடையாது. இணைப்பு கொடுத்து விற்பனைக்குத் தரகு வாங்கும் படைப்பாளர்கள் அதில் சேரவே முடியாது. மற்றவர்களுக்கும், அரசின் பதிவில் தொழில்முறைக் கட்டணம் என்று 194ஜேயில் பதிவான பணத்துக்கு 6 சதவீத லாபம் காட்டுவது வலியப் போய்க் கேள்வியை அழைப்பதாகும். நான் யாருக்கும் இதைப் பரிந்துரைப்பதில்லை.

எதை எழுதிவைப்பது

பாதிக் கணக்கு என்று முடிவான பிறகும் அவளை ஒரு நோட்டுப் போடச் சொன்னேன். செலவுக்காக அல்ல, வரவுக்காக. சட்டம் செலவைப் பற்றிக் கேட்காமல் இருக்கலாம். வரவு முழுமையாக இருக்க வேண்டும் என்பதில் அதற்கு விட்டுக்கொடுப்பு இல்லை.

ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் ஒரு வரி. யாருக்கு, என்ன வேலை, பில் எண், பில் தேதி, பில் தொகை, பிடித்த வரி, கைக்கு வந்த தொகை, வந்த நாள், பொருளாக வந்திருந்தால் அதன் விலை. கடைசியில் ஒரு சிறு கட்டம், அரசின் பதிவில் அந்த வரி ஏறியதும் அடையாளம் போட. பில்லுக்குப் பெரிய வடிவமைப்பு எதுவும் வேண்டாம். வரிசை எண், தேதி, இருவரின் பெயர் முகவரி, அவளுடைய பான் எண், வேலையின் விவரம், தொகை, வங்கி விவரம் இருந்தால் போதும். வெள்ளிக் கடைக்காரர் பில் கேட்கவில்லை. இருந்தாலும் கொடுக்கச் சொன்னேன். கேட்காதவருக்குக் கொடுக்கும் பில்தான் எண் வரிசையை அறுபடாமல் காக்கும்.

பில்லில் ஜிஎஸ்டி போடக் கூடாது. பதிவு செய்யாதவர் அதை வசூலிக்கவே கூடாது. சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு தேவை. பெங்களூரு நிறுவனத்துக்கு வேலை செய்வதால் வேறு மாநிலம் என்று அந்த வரம்பு மாறிவிடாது. முகமையில் "ஜிஎஸ்டி எண் இல்லாமல் பில் எடுக்க மாட்டோம்" என்றார்கள். வரம்புக்குக் கீழே இருப்பதால் பதிவு செய்யவில்லை என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள், ஏற்றுக்கொண்டார்கள். அவசரப்பட்டுப் பதிவு செய்திருந்தால், வேலை இல்லாத மாதங்களுக்கும் ரிட்டர்ன் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். தவறினால் தாமதக் கட்டணம்.

கடைசிக் கட்டம்தான் இந்த நோட்டின் உயிர். நவம்பரில் அவள் வந்த அன்றே வருமான வரி இணையதளத்தில் நுழைந்து, அவள் பெயரில் ஏறிய வரிகளைக் காட்டும் அரசின் பதிவான படிவம் 26ஏஎஸ் பார்த்தோம். முகமை செப்டம்பரில் பிடித்த 8,000 அதில் இல்லை. ஜூலை முதல் செப்டம்பர் வரை பிடித்த வரிக்கான காலாண்டு அறிக்கையை அக்டோபர் 31க்குள் கொடுத்திருக்க வேண்டும். அந்தத் தேதி போய் இரண்டு வாரம் ஆகியும் வரவில்லை என்றால் எங்கோ விடுபட்டிருக்கிறது என்று பொருள். பில் நகலையும் வங்கி வரவையும் இணைத்து முகமைக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். அறிக்கையில் அவள் பெயர் விடுபட்டிருந்தது. திருத்த அறிக்கை போட்டார்கள், ஜனவரியில் 8,000 ஏறியது. இதையே அடுத்த ஆண்டு ஜூலையில் கண்டுபிடித்திருந்தால், அந்த முகமையில் அப்போது யார் இருப்பார்கள், யார் பதில் சொல்வார்கள்? சிறு முகமைகளில் ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் அக்டோபர் 31, ஜனவரி 31, மே 31, ஜூலை 31 என்ற நான்கு தேதிகளுக்கும் இரண்டு வாரம் கழித்து 26ஏஎஸ் பார்ப்பது என்று நோட்டின் அட்டையிலேயே எழுதிவைத்திருக்கிறாள்.

நோட்டா, கணினித் தாளா என்று கேட்டால், மாதத்துக்கு இரண்டு மூன்று ஒப்பந்தம் வரை எதுவும் ஒன்றுதான். ஏற்காட்டில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. ஐப்பசி கார்த்திகை மூடுபனியில் தாள்கள் ஈரம் குடித்து நமத்துப்போகின்றன. பெட்ரோல் பங்கில் கொடுக்கும் வழவழப்பான ரசீதில் எழுத்து எங்கே வைத்தாலும் சில மாதங்களில் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே படம் எடுத்து, மாதவாரியாக ஒரு கோப்புறையில் போடச் சொன்னேன். பாதிக் கணக்குக்குச் செலவு ரசீது வேண்டாமே என்று கேட்டாள். இந்த ஆண்டு வேண்டாம். அடுத்த ஆண்டு தொகுக்கும் பையனை மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளப் போவதாகச் சொல்கிறாள், கோரிமேட்டில் அறை எடுக்கும் யோசனையும் இருக்கிறது. எந்தக் கணக்குக் காட்டுவது என்பதை ஒவ்வோர் ஆண்டும் புதிதாக முடிவு செய்ய 44ஏடிஏ இடம் கொடுக்கிறது. மார்ச் இறுதியில் இரண்டு வழியிலும் கூட்டிப் பார்க்க வேண்டுமானால் ரசீது கையில் இருக்க வேண்டும். கேமராவின் பில்லை மட்டும் நெகிழி உறையில் போட்டு என் பீரோவில் வைத்திருக்கிறேன். பின்னால் என்றாவது முழுக் கணக்குக்கு மாறினால் அதன் மதிப்பை அந்த பில்லிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பாதிக்கு மேல் லாபம் காட்ட விரும்பினால் காட்டவும் செய்யலாம். வங்கிக் கடன் கேட்கும்போது ரிட்டர்னில் இருக்கும் வருமானத்தைத்தான் பார்ப்பார்கள். அடுத்த ஆண்டு வண்டிக் கடன் எடுக்கப் போகிறவள், வரியே இல்லாத ஆண்டில் 1,82,000 என்ற உண்மை லாபத்தையே காட்டுவதில் ஒரு நன்மை இருக்கிறது. இதைப் பற்றி அவளும் அக்காவும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எதைக் காட்டினாலும் திரும்ப வரும் தொகை 21,200தான்.

ஆடை நிறுவனம் மார்ச்சில் பிடித்த 6,000, மே 31க்குள் கொடுக்க வேண்டிய காலாண்டு அறிக்கைக்குப் பிறகுதான் 26ஏஎஸ்ஸில் ஏறும். அதனால் ஏப்ரலிலேயே தாக்கல் செய்துவிடலாம் என்று துடித்தவளை நிறுத்தி வைத்திருக்கிறேன். ஜூன் நடுவில் பதிவைப் பார்த்து, மூன்று வரிப்பிடித்தங்களுக்கும் அடையாளம் விழுந்த பிறகு ஐடிஆர்-4 தாக்கல் செய்வோம். தாக்கல் செய்த 30 நாளுக்குள் ஆதாரோடு இணைந்த கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல் மூலம் சரிபார்க்க வேண்டும், பணம் வர வேண்டிய வங்கிக் கணக்கை முன்பே இணையதளத்தில் உறுதி செய்திருக்க வேண்டும். இரண்டாவதை இப்போதே முடித்துவிட்டோம்.

ஏப்ரல் 17ஆம் தேதி 54,000 வந்ததும் தொலைபேசியில் கூப்பிட்டாள். புதிய ஆண்டுக்குப் புதிய நோட்டு வாங்கியிருந்தாள், முதல் வரியாக இதை எழுதட்டுமா என்று கேட்டாள். "வேண்டாம் கண்ணு, பழைய நோட்டை எடு. மார்ச் 24 பில்லுக்கு நேராக வந்த நாளை மட்டும் எழுது" என்றேன்.